கட்டும் உதிரியும்: கல்லடி வாகனத் தாளின் வரவுக்குறிகளை எண்ணாக்கும் விதம்

கையில் இருப்பது மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் போன வாகனங்களை எண்ணிக் குறித்த ஒற்றைத் தாள். ஏ4 அளவு, அடிமட்டம் வைத்துக் கையால் கோடு கிழித்தது. மேலே "கல்லடிப் பாலம், காலை 7 – 8, நகரம் நோக்கி" என்று எழுதியிருக்கிறது. இடப்பக்கம் மேலிருந்து கீழாக எட்டுப் பெயர்கள்: சைக்கிள், மோட்டார் சைக்கிள், ஓட்டோ, கார் - வான், பஸ், லொறி, உழவு இயந்திரம், மற்றவை. ஒவ்வொரு பெயருக்கும் நேரே மூன்று வரி கொள்ளும் கட்டம். வண்டி ஒன்றுக்கு ஒரு கோடு, ஐந்தாவது வண்டிக்கு நான்கையும் வெட்டிச் சாய்கோடு. பள்ளிக்கூடத்துக் கணிதப் புத்தகத்தில் மீடிறன் அட்டவணைக்கு முன்னால் வருகிற அதே வரவுக்குறிதான். புத்தகத்தில் அது அச்சுக் கோத்ததுபோல் இருக்கும். வீதியோரத்தில் முழங்கால்மேல் வைத்து எழுதிய தாளில் அப்படி இராது.

வேலை சின்னது: ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஓர் எண் எழுத வேண்டும். கீழே வரும் எண்கள் முறையைக் காட்டுவதற்காக அமைத்த மாதிரித் தாளுக்கு உரியவை. கல்லடியின் போக்குவரத்துக்கு அவற்றை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம்.

முதலில் தலைப்பைப் பார்த்தாக வேண்டும். கல்லடியில் 1924இல் கட்டிய பழைய லேடி மெனிங் பாலமும் 2013இல் திறந்த புதுப் பாலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. "கல்லடிப் பாலம்" என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தப் பாலம் என்று தாளே சொல்லாது. எண்ணியவரிடம் அன்றைக்கே கேட்டு "புது" என்றோ "பழைய" என்றோ சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கிழமை கழிந்தால் அவருக்கே சந்தேகம் வந்துவிடும். திசையும் அப்படித்தான்: நகரம் நோக்கியா, காத்தான்குடி நோக்கியா என்பது இல்லாத தாளை எண்ணி என்ன பயன்?

பேனாவைத் தொடுமுன் தாளைப் போனில் ஒரு படம் எடுத்துவிட வேண்டும். எண்ணும்போது தாளில் பென்சில் புள்ளிகள் வைப்போம், ஒரு கோட்டைக்கூட அறியாமல் போட்டுவிடலாம். பிறகு "இந்தக் கோடு முதலே இருந்ததா?" என்று கேட்டால் படம்தான் பதில் சொல்லும். எண்ணியவர் நீலப் பேனாவில் குறித்திருந்தால் நாம் பென்சிலும் சிவப்பும். அதே நிறத்தை எடுக்கவே கூடாது.

கையெழுத்தைப் படிப்பது

எண்ணத் தொடங்குமுன் எண்ணியவரின் கைப்பழக்கத்தைப் பிடிக்க வேண்டும். தாளில் நெரிசல் இல்லாத ஒரு வரியை எடுத்துப் பத்துக் கட்டுகளைப் பாருங்கள். ஐந்து குறி சேர்ந்த ஒரு கூட்டத்தை இங்கே கட்டு என்கிறோம், கட்டில் சேராமல் கடைசியில் நிற்பவை உதிரி. கட்டுக்குள் நேர்கோடுகள் எத்தனை? நான்கு நேர்கோடும் ஒரு சாய்கோடும் என்றால் வழக்கமான கட்டு, ஐந்து வண்டி. ஆனால் சிலர் ஐந்து நேர்கோடு போட்டுவிட்டு, கயிறு கட்டுவதுபோல, அதை மூடுவதற்குச் சாய்கோடு போடுவார்கள். அவர்களுக்குச் சாய்கோடு வண்டியே இல்லை. கண்ணுக்கு ஆறு குறி, வண்டியோ ஐந்துதான்.

இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் விட்டால் பிழை சின்னதாக இராது. 51 கட்டு உள்ள ஒரு வரிசையில் கட்டுக்கு ஒன்று கூடினால் 51 வண்டி தாளில் முளைத்துவிடும். எண்ணியவர் பக்கத்தில் இருந்தால் ஒரே கேள்வி போதும்: "தம்பி, இந்தச் சாய்கோடு வண்டியா, கட்டை மூடினதா?"

நம் தாளில் சைக்கிள் வரிசை தெளிவாக இருக்கிறது. எல்லாக் கட்டும் நான்கும் ஒன்றும். ஆகவே இந்தக் கைக்குச் சாய்கோடும் ஒரு வண்டி. இந்த முடிவைத் தாளின் மூலையில் பென்சிலால் "கட்டு = 4 + சாய்வு = 5" என்று எழுதிவிடுகிறோம். இனி எந்த வரிசையிலும் இதற்கு மாறான கட்டு கண்ணில் பட்டால் அது பழக்கம் அல்ல, தவறல்.

சைக்கிளும் மோட்டார் சைக்கிளும்

சைக்கிள் வரிசையை எடுத்துக்கொள்வோம். "அஞ்சு, பத்து, பதினைந்து" என்று ஐந்தைந்தாய்ச் சொல்லிக்கொண்டு போக வேண்டாம். நடுவில் யாராவது கூப்பிட்டால் எண் போய்விடும், எங்கே நின்றோம் என்பதும் போய்விடும். கட்டுகளை மட்டும் ஒன்று, இரண்டு என்று எண்ணி, ஒவ்வொரு பத்தாவது கட்டின் அடியிலும் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். ஒரு புள்ளிக்கு 50 வண்டி. பிறகு உதிரியைத் தனியாக. சைக்கிளில் ஒரு புள்ளி, அதற்குமேல் 7 கட்டு, உதிரி 2. பக்கத்தில் பென்சிலால் "17 + 2" என்று எழுதுகிறோம். 87 என்று எழுதுவது பிறகுதான்.

இந்த இடைநிலையை விட்டுவிட்டு நேரே 87 எழுதுவதுதான் பலர் செய்வது. எழுதியபின் அது பிழை என்று தெரிந்தால், கட்டை விட்டோமா, உதிரியை விட்டோமா, பெருக்கலில் தவறினோமா என்று கண்டுபிடிக்க வழியில்லை. மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான். "17 + 2" இருந்தால் பிழை எந்தப் பாதியில் என்று உடனே தெரியும்.

ஐந்தால் பெருக்க ஒரு சுருக்கு வழி: பாதியாக்கிப் பத்தால் பெருக்குங்கள். 22இன் பாதி 11, ஆகவே 110. 17இன் பாதி எட்டரை, ஆகவே 85. அதோடு உதிரியைச் சேர்த்தால் முடிந்தது.

மோட்டார் சைக்கிள் வரிசைதான் தாளின் சிக்கலான பகுதி. மூன்று வரியும் நிரம்பியிருக்கிறது, வரிக்கு 14 கட்டு. முதல் வரி ஒழுங்கு. இரண்டாம், மூன்றாம் வரிகளில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டியும் சாய்ந்தும் கிடக்கின்றன. காரணம் நேரம்தான். பள்ளிக்கூடம் ஏழரைக்குத் தொடங்கும். அதற்கு முந்தின கால் மணித்தியாலம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருகிற மோட்டார் சைக்கிள்கள் கூட்டமாய்ப் பாலத்தில் ஏறும். எண்ணுகிறவர் தாளைப் பார்க்காமல் வீதியைப் பார்த்தபடியே கோடு போடுவார். அதனால் ஒரு வரிசையில் எங்கே தேட வேண்டும் என்பதை அந்த நேரமே சொல்லிவிடும். நெரிசலான இடத்தை வேகம் குறைத்துப் படியுங்கள்.

தபாலட்டைத் தடிப்பில் ஒரு காகிதத்துண்டை எடுத்து, ஒரு கட்டு மட்டும் தெரியும்படி நடுவில் துளை வெட்டி, வரிமேல் வைத்து நகர்த்தினால் கண் பக்கத்துக் கட்டுக்குத் தாவாது. முழுத் தாளுக்கும் இது தேவையில்லை, இந்த இரண்டு வரிக்குப் போதும். அப்படி நகர்த்தியபோது அகப்பட்டவை இவை:

```
||||/    வழக்கமான கட்டு          5
|||||/   இரண்டாம் வரியில் ஒன்று   6
|||/     மூன்றாம் வரியில் இரண்டு   4, 4
```

ஆறு குறி உள்ள கட்டை 5 என்று எடுப்பதா, 6 என்று எடுப்பதா? இங்கேதான் முதலில் பிடித்த கைப்பழக்கம் உதவுகிறது. இவருக்குச் சாய்கோடும் வண்டி என்பது தெரியும். அவசரத்தில் நான்கில் நிறுத்தாமல் ஐந்தாவது நேர்கோட்டையும் போட்டிருக்கிறார், ஆனால் ஒவ்வொரு கோடும் ஒரு வண்டிக்குத்தான் விழுந்தது. ஆகவே 6. அதே நியாயத்தில் மூன்று நேர்கோட்டுக் கட்டு 4. "கட்டு என்றால் 5தானே" என்று திருத்திக்கொள்வது நம் வேலை அல்ல. குறி எத்தனையோ அத்தனை.

ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். சில கட்டுகளின் சாய்கோடு நீண்டு அடுத்த கட்டின் முதற்கோட்டையும் வெட்டியிருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் முதற்கட்டில் ஐந்து நேர்கோடு, அடுத்ததில் மூன்று என்று தோன்றும். கோடுகளுக்கு இடையிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். ஐந்தாவது கோடு தன் கூட்டத்தோடு நெருங்கி நின்றால் ஆறு. விலகி அடுத்த கூட்டத்தோடு நின்றால் அது அடுத்த கட்டுக்கு உரியது, இரண்டும் வழக்கமான கட்டுதான். நம் ஆறு குறிக் கட்டில் இடைவெளி தெளிவாக அதன் வலப்பக்கம் இருக்கிறது. அதற்கு அடுத்த கட்டிலும் நான்கு நேர்கோடு முழுதாக உண்டு.

மூன்று வரிக்கும் 42 கட்டு. திருத்தம்: ஒன்று கூட, இரண்டு குறைய, மொத்தம் −1. உதிரி இல்லை. 210இல் ஒன்று போக 209. வரிசை முடிந்ததுபோலத் தெரிகிறது.

ஓட்டோ வரிசையில் ஏழு உதிரி

ஓட்டோ கட்டத்தில் முதல் வரி 14 கட்டு. இரண்டாம் வரி 8 கட்டும் 4 உதிரியும். மூன்றாம் வரியில் 9 கட்டும் 3 உதிரியும். கூட்டினால் 31 கட்டு, 7 உதிரி, 162 ஓட்டோ.

இந்த ஏழை அப்படியே கடந்து போய்விடக் கூடாது. ஒரே கை, ஒரே ஓட்டத்தில், ஒரே பெயருக்குக் குறித்துக்கொண்டு போனால் கடைசியில் மிஞ்சும் உதிரி ஒருபோதும் நாலுக்குமேல் போகாது. ஐந்தாவது வந்தவுடன் அது கட்டாகிவிடும். ஒரு பெயருக்கு இரண்டு இடத்தில் உதிரி இருந்தாலோ, உதிரி ஐந்தைத் தொட்டாலோ அங்கே ஓட்டம் அறுந்திருக்கிறது. இடையில் ஆள் மாறியிருக்கலாம். கால் மணிக்கு ஒருமுறை புதிதாகத் தொடங்கும் வகைத் தாளாக இருக்கலாம். அல்லது வேறு பெயருக்குரிய குறி இங்கே வந்து ஒதுங்கியிருக்கலாம். முதலிரண்டும் நடந்திருந்தால் எல்லா வரிசையிலும் அதன் தடம் தெரியும். நம் தாளில் ஓட்டோவில் மட்டும்தான்.

உற்றுப் பார்த்தால் இரண்டாம் வரியில் இன்னும் ஐந்து கட்டுக்கு இடம் வெறுமையாகக் கிடக்கிறது. அங்கே நாலு உதிரி ஐந்தாவதுக்குக் காத்துக்கொண்டு நிற்க, எதற்காக ஒருவர் மூன்றாம் வரிக்கு இறங்கப் போகிறார்? மேலே மோட்டார் சைக்கிளின் மூன்றாம் வரி முடிவில், ஓரத்தில், பேனா தேய்ந்ததுபோல் ஒரு மெல்லிய அம்புக்குறி வளைந்து கீழே வருகிறது. மோட்டார் சைக்கிளுக்கு இடம் முடிந்ததும் அப்போது வெறுமையாய் இருந்த ஓட்டோவின் மூன்றாம் வரியைக் கடன் வாங்கியிருக்கிறார்.

ஆகவே அந்த 9 கட்டும் 3 உதிரியும், அதாவது 48 வண்டி, மேலே போக வேண்டும். மோட்டார் சைக்கிள் 51 + 3, திருத்தம் −1, எண் 257. ஓட்டோ 22 + 4, எண் 114. கடன் வாங்கிய வரியைச் சிவப்பால் வட்டமிட்டு, "மோ.சை." என்று எழுதி, அம்பைத் தடிப்பாக மீண்டும் வரைந்துவிடுகிறோம். அடுத்து இந்தத் தாளை எடுப்பவர் இதே இடத்தில் விழக் கூடாது.

மற்ற வரிசைகளில் சொல்ல ஒன்றுமில்லை. கார் - வான் 9 + 1, பஸ் 2 + 3, லொறி 3 + 0, உழவு இயந்திரம் 1 + 1, மற்றவை 0 + 2. லாண்ட்மாஸ்டரை உழவு இயந்திரத்தோடு சேர்த்தாரா, மற்றவையில் போட்டாரா என்பது குறியில் தெரியாது. அதைக் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

இரண்டாவது ஆள்

இரண்டாவது ஒருவர் எண்ண வேண்டும், முதலாமவரின் எண்ணைப் பார்க்காமல். இதற்காகத்தான் பென்சில் எண்களை வலது ஓரத்தில் எழுதி, அந்த ஓரத்தை மடித்து விடுவது. ஒருவர் சொல்ல மற்றவர் தலையாட்டுவது சரிபார்ப்பு அல்ல.

இருவரின் எண்ணும் வேறுபட்டால் உடனே மறுபடி எண்ணத் தொடங்க வேண்டாம். வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள், பெரும்பாலும் அதுவே இடத்தைச் சொல்லிவிடும். 5 என்றால் ஒரு கட்டு தவறியது. 50 என்றால் பென்சில் புள்ளி ஒன்று விடுபட்டது அல்லது இருமுறை எண்ணப்பட்டது. 1 அல்லது 2 என்றால் உதிரியிலோ, ஆறு, நாலு என்று குறி மாறிய கட்டிலோ தேடுங்கள். 9ஆல் மீதியின்றி வகுபட்டால் எண்ணியதில் அல்ல, எழுதியதில் பிழை இருக்கலாம்: 114 ஐ 141 என்று இலக்கம் மாற்றி எழுதினால் 27 வரும். ஒரு பெயரில் கூடிய அதே தொகை பக்கத்துப் பெயரில் குறைந்திருந்தால் வரி மாறியிருக்கிறது. நம் தாளில் ஒருவர் அம்பைக் கவனித்து மற்றவர் கவனிக்காவிட்டால் மோட்டார் சைக்கிளில் 48 குறையும், ஓட்டோவில் 48 கூடும்.

மொத்தக் கூட்டலைப் பெரிய காவலாக நம்புகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். தாளின் கட்டுகளை எல்லாம் கூட்டினால் 105, உதிரி 16, திருத்தம் −1. ஆக 525 + 16 − 1 = 540. எட்டுப் பெயருக்கும் எழுதிய எண்களைக் கூட்டினாலும் 540. மனம் நிறையும். ஆனால் 209, 162 என்று பிழையாக எழுதியிருந்தாலும் கூட்டல் அதே 540தான், ஏனென்றால் 48 தாளை விட்டு வெளியே போகவில்லை. பெருக்கல் பிழை, கூட்டல் பிழை, இலக்கம் மாறியது ஆகியவற்றை மொத்தம் பிடிக்கும். ஒரு பெயரின் குறி இன்னொரு பெயருக்குப் போனதை அது பிடிக்காது. அதைப் பிடிப்பவை உதிரி நாலைத் தாண்டியதா என்ற பார்வையும் இரண்டாவது ஆளின் தனி எண்ணிக்கையும்தான்.

| பெயர் | கட்டு | உதிரி | திருத்தம் | எண் |
|---|---|---|---|---|
| சைக்கிள் | 17 | 2 | 0 | 87 |
| மோட்டார் சைக்கிள் | 51 | 3 | −1 | 257 |
| ஓட்டோ | 22 | 4 | 0 | 114 |
| கார் - வான் | 9 | 1 | 0 | 46 |
| பஸ் | 2 | 3 | 0 | 13 |
| லொறி | 3 | 0 | 0 | 15 |
| உழவு இயந்திரம் | 1 | 1 | 0 | 6 |
| மற்றவை | 0 | 2 | 0 | 2 |

எண்ணை எழுதும் இடம்

எண்ணை வரவுக்குறிக்கு ஒட்டி எழுதக் கூடாது. 1 என்ற இலக்கமும் ஒரு நேர்கோடுதான். ஒரு வரிசையின் கடைசியில் 11 என்று எழுதினால் அடுத்த ஆளுக்கு அது இரண்டு உதிரி. நம் தாளில் உழவு இயந்திரத்துக்குப் பென்சிலில் எழுதிய "1 + 1" இந்த ஆபத்தில்தான் இருக்கிறது. குறி முடிந்த இடத்தில் சிவப்பால் ஒரு நிலைக்கோடு இழுத்து, அதற்கு அப்பால் எண்ணை எழுதி வட்டமிட வேண்டும். அல்லது பெயருக்கு இடப்பக்கம், குறியே இல்லாத ஓரத்தில் எழுதலாம். இடம் இருந்தால் இரண்டாவது வழிதான் நல்லது.

குறி ஒன்றுமே இல்லாத பெயருக்கு 0 எழுதுங்கள். வெறுமையாய் விட்டால் அப்படி ஒரு வண்டி வரவில்லை என்பதா, இன்னும் எண்ணவில்லை என்பதா என்று தெரியாது.

கணினியில் ஏற்றுவதானால் இறுதி எண்ணைத் தட்டாமல் கட்டு, உதிரி, திருத்தம் மூன்றையும் தட்டுவது நல்லது. A நிரலில் பெயர், Bயில் கட்டு, Cயில் உதிரி, Dயில் திருத்தம், முதல் வரி தலைப்பு என்று வைத்துக்கொண்டால் E2இலும் F2இலும் இவை:

```
=B2*5+C2+D2
=IF(C2>4,"மீண்டும் பார்","")
```

இரண்டையும் 9ஆம் வரிவரை இழுத்துவிடுங்கள். ஓட்டோவுக்கு 31, 7 என்று யாராவது தட்டினால் F நிரல் அங்கேயே நிறுத்தும். திருத்தம் இருந்த ஒவ்வொரு வரிக்கும் G நிரலில் காரணம் ஒரு சொற்றொடரில் இருக்கட்டும்: "6 குறிக் கட்டு ஒன்று, 4 குறிக் கட்டு இரண்டு" என்பதுபோல. −1 என்று மட்டும் இருந்தால் பிறகு பார்ப்பவர் அதைத் தட்டச்சுப் பிழை என்று அழித்துவிடுவார்.

எண்ணுபவர்களுக்கு அடுத்த தாளைக் கோடு கிழிக்கும்போது மாற்ற வேண்டியது ஒன்றுதான். எல்லாப் பெயருக்கும் ஒரே அளவு கட்டம் என்பது பார்க்க அழகு. ஆனால் மூன்று வரி, வரிக்கு 14 கட்டு என்றால் 210 வண்டியோடு கட்டம் நிரம்பிவிடும். லொறி, பஸ், உழவு இயந்திரம் மூன்றுக்கும் ஒவ்வொரு வரி போதும். அங்கே மிஞ்சும் ஆறு வரியில் மூன்றை மோட்டார் சைக்கிளுக்குக் கொடுத்தால் அதற்கு 84 கட்டுக்கு, 420 வண்டிக்கு, இடம் கிடைக்கும். மற்ற மூன்று வரியை வெறுமையாய் விட்டு "மேலதிகம் – பெயர் எழுதவும்" என்று தலைப்பிட்டு வையுங்கள்.